தொட்டி மண்ணில் வெள்ளை நூல்: முதலில் தண்டின் அடியைப் பாருங்கள்

"கிருஷ்ணகிரியில் மாடித் தோட்டம் வைத்திருக்கிறோம். புரட்டாசி மழைக்குப் பிறகு எலுமிச்சைத் தொட்டியில் மஞ்சள் நிறக் காளான்கள் கூட்டமாக முளைத்துவிட்டன. மூன்று தக்காளித் தொட்டிகளில், மூடாக்காகப் போட்ட நிலக்கடலைத் தோலின் மேல் வெள்ளை நூல் படர்ந்திருக்கிறது. அதில் ஒரு செடி மதியம் வாடி, மாலையில் நிமிர்ந்துகொள்கிறது. மல்லிகைத் தொட்டியின் விளிம்பிலும் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. உரம், மருந்துக் கடையில் கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கொடுத்து எல்லாத் தொட்டிக்கும் ஊற்றச் சொன்னார்கள். இவையெல்லாம் ஒரே பூஞ்சையா? ஆபத்தா? என் மாமியார் அந்தக் காளானைச் சமைக்கலாமா என்று வேறு கேட்கிறார்."

எலுமிச்சைக்கு ஒன்றும் ஆகாது. மல்லிகையில் இருப்பது பெரும்பாலும் பூஞ்சையே அல்ல. காளானைச் சமைக்க வேண்டாம். கார்பன்டசிம் பொட்டலத்தைப் பிரிக்காமல் வையுங்கள். இந்த நான்குக்கும் காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த வாடும் தக்காளியிடம் போங்கள். நீங்கள் எழுதியதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அதுதான்.

தண்டைச் சுற்றியிருக்கும் கடலைத் தோலை விரலால் மெதுவாக ஒதுக்குங்கள். மண்ணும் தண்டும் சந்திக்கும் இடத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை இழை மண்ணோடும் தோலோடும் நின்றுவிட்டதா, தண்டின் மேல் ஏறியிருக்கிறதா? ஏறியிருந்தால் அது பெரும்பாலும் தண்டைச் சுற்றி விசிறி விரித்ததுபோல, பஞ்சு ஒட்டியதுபோலத் தெரியும். அடுத்து, அந்த இடத்தை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் நல்லது. பழுப்பாகி, தோல் வழுக்கிக்கொண்டு உரிந்து வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. மூன்றாவதாக, இழைகளுக்கு நடுவே கடுகு போன்ற சின்ன உருண்டைகள் கிடக்கின்றனவா என்று தேடுங்கள். இளசாக இருக்கும்போது அவை வெள்ளையாக இருக்கும். முற்றினால் வெளிர்பழுப்பாகி, பிறகு கடுகு நிறத்துக்கே வந்துவிடும். அளவு ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள்தான். உரமணி என்றோ பூச்சி முட்டை என்றோ நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம். தண்டடியில் வெள்ளை இழையும் கடுகு மணியும் சேர்ந்து கிடந்தால் அது ஸ்கிலிரோஷியம் ரால்ப்சி என்ற பூஞ்சை. வேறு சோதனையே தேவையில்லை.

தக்காளிக்கும் இதற்கும் பழைய பகை. 1892இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ரால்ப்ஸ் என்பவர் இதைத் தக்காளியில்தான் கண்டார்; பெயரில் ஒட்டியிருப்பது அவர் பெயர்தான். நம் பக்கத்தில் தக்காளி, மிளகாய், கத்தரி, அவரை, மல்லிகை, சம்பங்கி என்று இது தொடாத செடி குறைவு. நிலக்கடலையில் தண்டழுகல், கேழ்வரகில் அடித்தண்டு அழுகல் என்று பயிருக்குப் பயிர் பெயர் மாறும், ஆள் ஒன்றுதான்.

மற்ற வெள்ளை நூல்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது இதன் சாப்பாட்டு முறை. தொட்டி மண்ணில் வளரும் பெரும்பாலான பூஞ்சைகள் செத்ததை மட்டுமே தின்னும். காய்ந்த இலை, நார், சாணம், மரத்தூள் இவை தீர்ந்தால் அவையும் தீர்ந்துபோகும். உயிருள்ள தண்டில் அவற்றுக்கு வேலை இல்லை. ஸ்கிலிரோஷியமோ செத்ததைத் தின்று பலம் சேர்த்துக்கொண்டு, அந்தப் பலத்தோடு உயிருள்ள தண்டுக்குத் தாவும். தாவும்போது ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து, தான் போவதற்கு முன்னாலேயே தண்டின் திசுவைக் கொன்றுவிடும். பிறகு நுழைந்து தின்னும். அதற்குக் காற்று வேண்டும் என்பதால் மண்ணின் மேல்மட்டத்தில்தான் தங்கும். ஆழத்தில் புதைந்தால் வலுவிழந்துவிடும். மேலே மக்காத குப்பை, ஈரம், 25 முதல் 35 டிகிரி வெப்பம் மூன்றும் சேர்ந்தால் போதும், விருந்துதான். மழை விட்டு வெயில் அடிக்கும் புரட்டாசி மாடி இதற்கு அளந்து கொடுத்ததுபோல் பொருந்தும்.

மதியம் வாடி மாலையில் நிமிர்வதற்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும். தண்டின் வெளித்தோல் வளையமாக அழுகத் தொடங்கினாலும், உள்ளே நீர் ஏறும் குழாய்கள் கொஞ்ச நாள் தாங்கும். வெயிலில் இலை கேட்கும் அளவுக்கு அவற்றால் நீர் தர முடியாது. வெயில் தணிந்ததும் ஈடுகட்டிவிடும். இதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். அது பூஞ்சைக்கு இன்னும் வசதி. நான்கைந்து நாளில் செடி மாலையிலும் நிமிராது.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். தக்காளியில் பாக்டீரியா வாடல் என்று இன்னொரு நோய் உண்டு. அதிலும் செடி பச்சையாகவே வாடும்; ஆனால் தண்டடியில் வெள்ளை இழை இருக்காது. செடி போய்விட்டது என்று உறுதியானதும், தண்டில் ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரில் நுனி மட்டும் முங்கும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டு வாயிலிருந்து பால்போல் மெல்லிய இழை இறங்கினால் அது பாக்டீரியா. இறங்காவிட்டால் நம் பழைய சந்தேகமே பலப்படுகிறது.

தண்டடி கொஞ்சம் பழுப்பாக இருக்கிறது, கடுகு மணி எதுவும் காணவில்லை, முடிவுக்கு வர முடியவில்லை என்றால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அழுகிய பகுதியை இரண்டு அங்குலம் வெட்டி மண் போகக் கழுவுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் நனைத்துப் பிழிந்த செய்தித்தாளைப் பரப்பி, துண்டை அதன் மேல் வைத்து மூடி, வெயில் படாத அலமாரியில் விட்டுவிடுங்கள். ஸ்கிலிரோஷியமாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் பட்டு நூல் போன்ற வெள்ளை இழை தாளின் மேலேயே விசிறியாகப் பரவும். ஒரு வாரம், பத்து நாளில் கடுகு மணிகள் திரளும். சாம்பலாகவோ பச்சையாகவோ கறுப்பாகவோ தூள் பறந்தால் அது ரொட்டியில் வரும் சாதாரணப் பூஞ்சை. கணக்கில் எடுக்க வேண்டாம். முடிந்ததும் டப்பாவில் கொதிநீர் ஊற்றிவிட்டுக் கழுவுங்கள்.

இனி அந்த நிலக்கடலைத் தோல். எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். பாலக்கோடு பக்கம் இருபது ஆண்டுக்கு மேல் தக்காளி நாற்று விட்டுப் பிழைத்தவன் நான். ஒரு வருடம் என் வீட்டுத் தொட்டிகளுக்கு, களத்தில் கிடந்த கடலைத் தோலையும் வாடிய கொடியையும் வாரிக்கொண்டு வந்து மூடாக்காகப் போட்டேன். காசில்லாமல் கிடைத்த பொருள். மண்ணுக்கும் நல்லது என்ற நினைப்பு. வெள்ளை நூல் படர்ந்தபோது, மண்ணுக்கு உயிர் வந்துவிட்டது என்று வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். பதினொரு செடிகளில் எட்டு போனது. அந்த வயலில் கடலைக்குத் தண்டழுகல் வந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. கடுகு மணிகள் தோலோடும் கொடியோடும் சேர்ந்து என் மாடிக்கே ஏறி வந்திருக்கின்றன. அழுகல் கண்ட வயலின் கேழ்வரகுத் தாளிலும் இதே ஆபத்து உண்டு.

இதற்காகக் கடலைத் தோலே கூடாது என்று சொல்லவில்லை. குவித்து, நனைத்து, சூடேறி மக்கவிட்டுப் போட்டால் பயமில்லை. அப்படியே போடுவதில்தான் ஆபத்து. எந்த மூடாக்கானாலும் தண்டைச் சுற்றி நான்கு விரல் அகலம் வெறும் மண் தெரிய வேண்டும். பூஞ்சைக்கு அந்த இடைவெளி ஒரு பாலைவனம். இடையில் சாப்பாடு இல்லாமல் அதைக் கடந்து தண்டைப் பிடிப்பது அதற்குக் கடினம்.

சோதனையில் உறுதியானால் வாடும் செடியைக் காப்பாற்ற முயல வேண்டாம். தண்டை வளையமாகத் தின்றுவிட்ட பிறகு எந்த மருந்தும் அதை ஒட்டவைக்காது. செடியை மட்டும் பிடுங்கினால் கடுகு மணிகள் உதிர்ந்து தொட்டியிலேயே தங்கும். அதனால் ஒரு நெகிழிப் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, செடியையும் தண்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மேல்மண்ணையும் மூடாக்கையும் சேர்த்து அள்ளிக் கட்டுங்கள். உரக்குழியில் மட்டும் போடக் கூடாது. நன்றாகச் சூடேறாத குழியில் அந்த மணிகள் சாகாது. மண்ணில் சில ஆண்டுகள்கூட உயிரோடு கிடக்கும். அடுத்த வருடம் உரத்தோடு எல்லாத் தொட்டிக்கும் நீங்களே பரிமாறிவிடுவீர்கள்.

மீதி மண்ணை எறிய வேண்டியதில்லை. கொஞ்சமாக இருந்தால் இரும்புச் சட்டியில் பரப்பிக் கொதிநீர் ஊற்றுங்கள். நிறைய இருந்தால் பங்குனி, சித்திரை வரை தனியாக மூட்டை கட்டி வையுங்கள். பிறகு ஈரமாக்கி, கண்ணாடிபோல் தெளிந்த பாலித்தீன் பையில் நான்கு அங்குல கனத்துக்கு மேல் போகாமல் நிரப்பி, வாயைக் கட்டி, மொட்டை மாடித் தரையில் நான்கு முதல் ஆறு வாரம் விடுங்கள். 50 டிகிரி வெப்பம் பல மணி நேரம் நின்றால் அந்த மணிகள் செத்துவிடும். நம் ஊர்க் கோடையில் தளத்தின் மேல் இருக்கும் மெல்லிய பை அதை எட்டும். கறுப்புப் பை வேண்டாம், அதன் மேல்தான் சூடேறும், உள்ளே இறங்காது. ஈரமில்லாத மண்ணும் சரிவராது.

மற்ற இரண்டு தக்காளிகளின் தண்டு பச்சையாக இருந்தால் அவற்றைக் காப்பாற்றலாம். கடலைத் தோலை முழுவதும் எடுத்துவிடுங்கள். மண்ணைத் தொடும் கீழ் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். காய்ந்து விழும் இலைதான் அந்தப் பூஞ்சைக்குப் படிக்கட்டு. தண்ணீரைக் காலையில், தண்டில் படாமல் ஓரமாக ஊற்றுங்கள். அதோடு, கெட்ட பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா கொடுக்கலாம். ஹெக்டேருக்கு இரண்டரைக் கிலோவை 50 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலப்பது வயலுக்கான கணக்கு. அதே விகிதத்தில் ஒரு கிலோ எருவுக்கு 50 கிராம் கலந்து, பிழிந்தால் சொட்டாத ஈரத்தில், நிழலில் சாக்கு போட்டு மூடிப் பத்துப் பதினைந்து நாள் வைத்து, தொட்டிக்கு இரண்டு கைப்பிடி போடுங்கள். எருவின் மேல் முதலில் வெள்ளையும் பிறகு கரும்பச்சையும் படரும். அதைப் பார்த்து மறுபடி பயந்துவிட வேண்டாம். நீங்கள் வாங்கிப் போட்ட பூஞ்சையேதான் அது. வருமுன் காப்பதற்கும் பரவலைத் தடுப்பதற்கும் இது உதவும்; விழுந்த செடியை எழுப்பாது.

கடையில் கொடுத்த கார்பன்டசிமை ஊற்ற வேண்டாம் என்றதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. பல பூஞ்சைகளுக்கு அது நல்ல மருந்து. ஸ்கிலிரோஷியம் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. இதற்கு அது பெரிதாக வேலை செய்யாது. ஆனால் டிரைக்கோடெர்மாவைக் கொன்றுவிடும். திருடனை விட்டுவிட்டுக் காவல்காரனை அடிக்கிற கதை. எலுமிச்சைக் காளானுக்கு ஊற்றுவதோ வெறும் காசு நஷ்டம். தவிர, இவை நீங்கள் பறித்துத் தின்னும் செடிகள்.

எலுமிச்சைக்கு வருவோம். நீங்கள் சொல்லும் காளானுக்கு எலுமிச்சம்பழ மஞ்சள், ஒன்றிரண்டு அங்குலக் குடை, மேலே மாவு தூவியதுபோல் பொடி, ஒரே நாளில் விரிந்து மறுநாள் துவள்வது என்ற அடையாளம் இருந்தால், அது லியூக்கோகோப்ரினஸ் பிர்ன்பாமி. உலகம் முழுக்கப் பூந்தொட்டிகளில் முளைக்கும் வெப்பநாட்டுக் காளான். 1839இல் இதை விவரித்த கோர்டா என்பவருக்கு இது கிடைத்தது பிராக் நகரத்துக் கண்ணாடிக் கூடத்தில். வெப்பநாட்டுச் செடிகளோடு தொட்டி மண்ணில் ஒளிந்து அங்கே போயிருக்கிறது. நம் ஊர் மாடியில் அதற்குப் பாஸ்போர்ட்டே தேவையில்லை.

உங்கள் தொட்டிக் கலவையில் தென்னை நார்க்கழிவு இருக்கும் என்று நினைக்கிறேன். காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி பக்கத்துத் தென்னந்தோப்புகள் இருக்கும்போது நம் மாவட்டத்தில் வேறு எதைக் கலப்போம்? நார்க்கழிவில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. சாதாரணமாக மக்காது. அதை மக்க வைக்க வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறையே சிப்பிக்காளான் வித்தைத் தூவுவதுதான்: ஒரு டன் நார்க்கழிவுக்கு ஐந்து புட்டி வித்து, ஐந்து கிலோ யூரியா, ஒரு மாதம் ஈரம். அங்கே காசு கொடுத்துச் செய்யும் வேலையை உங்கள் தொட்டியில் வேறொரு காளான் இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறது. எலுமிச்சை வேரை அது தொடாது. வெள்ளை நூல் என்பது அதன் உடல். குடை என்பது பழம் மாதிரி. குடையைப் பிடுங்கினால் நூல் சாகாது. நார் தீரும் வரை மழைக்கு மழை மறுபடி வரும்.

ஆனாலும் இந்தக் காளான் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. ஒன்று, நார் இன்னும் மக்கவில்லை. மக்கும் வரை நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தமக்கு எடுத்துக்கொள்ளும். எலுமிச்சையின் கீழ் இலைகள் வெளுத்தால் அதுதான் காரணம். கடலைப் புண்ணாக்குக் கரைசல் போல் ஏதாவது கொடுத்தால் சரியாகும். இரண்டு, மேல்மண் பல நாளாகக் காயவில்லை. தொட்டியைத் தட்டினால் கொசு மாதிரிச் சின்னக் கறுப்பு ஈ எழும்புகிறதென்றால் தண்ணீர் அதிகம் என்பது உறுதி. மேல் அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றுங்கள். மழை நின்று மண் நன்றாகக் காய்ந்த பிறகு இழை பின்னிய நார்க் கலவை தண்ணீரை உள்ளே விடாமல் ஓரமாக வழியவிடுவதும் உண்டு. அப்படி நடந்தால் குச்சியால் சில இடங்களில் குத்திவிட்டு, தொட்டியின் அடி நீரில் நிற்கும்படி அரை மணி நேரம் வைத்து எடுங்கள்.

வெள்ளை நூலைப் பார்த்ததும் இது வேருக்கு மணிச்சத்து எடுத்துக் கொடுக்கும் வேம் பூஞ்சை என்று யாராவது பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பூஞ்சை வேருக்குள் வாழ்வது. நுண்ணோக்கியில் சாயமேற்றிப் பார்த்தால்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியும் நூலுக்கு அந்தப் பட்டம் பொருந்தாது.

உங்கள் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் காலத்தில் இடி மழைக்குப் பிறகு கரையான் புற்றில் பறித்த புற்றுக்காளான் அருமையான உணவு. அதில் அவருக்கு இருக்கும் பழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் காளானின் தண்டு மண்ணுக்குள் நீண்டு, கரையான் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம் வரை போகும். தொட்டியில் கரையான் புற்று இல்லை. மஞ்சள் தொட்டிக் காளான் வயிற்றைப் புரட்டும். தொட்டியிலும் புல்தரையிலும் வரும் வெள்ளைக் குடைகளில் குளோரோபில்லம் என்ற ஒன்று உண்டு. பார்க்கச் சமையலுக்கு அழைப்பதுபோல் இருக்கும், தின்ற சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் கொடுக்கும். மஞ்சள்தூள் போட்டுப் பார்ப்பது, வெள்ளிக்காசு கறுக்கிறதா என்று பார்ப்பது, பூச்சி தின்றிருந்தால் நல்லது என்பது ஆகிய எந்தச் சோதனையும் நஞ்சைக் காட்டாது. வீட்டில் சிறு குழந்தையோ நாயோ இருந்தால் குடை விரியும் முன்பே பறித்து அப்புறப்படுத்துங்கள். குழந்தை தின்றுவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காமல், மீதிக் காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மல்லிகைத் தொட்டியின் வெள்ளையை நகத்தால் சுரண்டி விரல்களுக்கிடையே தேயுங்கள். நூலாக இழுபடாமல் மணல்போல் நொறுங்கினால் அது ஆழ்குழாய்க் கிணற்று நீர் விட்டுப்போன உப்பு. அதன் மேல் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டு நுரை எழும்பினால் சுண்ணாம்பு. தர்மபுரி, கிருஷ்ணகிரிக் கிணற்று நீரின் சங்கதி தெரிந்ததுதானே. குடிப்பதற்கு ஒகேனக்கல் நீர் கொண்டுவர வேண்டியிருந்ததே கிணற்று நீரிலிருக்கும் புளோரைடால். செடிக்கு நாம் அந்தக் கிணற்று நீரையேதான் ஊற்றுகிறோம். மேல் பொருக்கை அரை அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, அடுத்த மழையில் அந்தத் தொட்டியைக் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் வையுங்கள். அடித்துளையில் தண்ணீர் தாராளமாக வழிந்து வெளியேறட்டும். அடித்தட்டில் தேங்குவதை மட்டும் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கரைந்த உப்பு திரும்ப மேலே ஏறும்.